முகமில்லாத நாற்பது படங்கள்

ஒரு சனிக்கிழமை மாலை நாலே காலுக்கு அது தொடங்கியது. பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் மகளின் சாம்பிள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நாலே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், அந்த நேரத்தில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் அப்போது ஆம்பூரில் இருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். என் கணவர் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதினார். எங்கள் ஒரே மகள் வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவ்களுக்கு ரீடச்சிங் செய்யப் போனாள். பென்சிலால் பருக்களை மறைப்பதும், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பதும்தான் வேலை. மூன்று வருஷத்தில் முதலாளியைவிட நன்றாகப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டாள் என்று நான் சொன்னால் அது தாய்ப் பேச்சு. ஆனால் முதலாளியே அப்படித்தான் சொன்னார், எரிச்சலோடு.

ஆம்பூரில் அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் போட்டோகிராபர்கள் போக முடியாது. மணப்பெண்ணுக்கு மருதாணி வைப்பது, நகை பூட்டுவது, தோழிகள் கேலி செய்வது எதுவுமே படமாக இருக்காது. இவள் உள்ளே போகலாம். என் பழைய மாணவிகளின் வீடுகள் என்பதால் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாமல் நானும் கூடவே போனேன். ஜன்னலுக்கு எதிரே வெள்ளை பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. அந்தத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவளுக்குப் போதும். பிளாஷ் அடிக்க மாட்டாள். அடித்தால் தங்கமும் தோலும் ஒரே மாதிரி வெளிறிப்போகும் என்பாள்.

படங்கள் நன்றாக வந்தன. ஆனால் ஒன்றைக்கூட யாருக்கும் காட்ட முடியாது. வீட்டுப் பெண்களின் முகம் வெளியாள் கையில் போகக்கூடாது என்பது அந்தக் குடும்பங்களின் கண்டிப்பு. காட்டாமல் அடுத்த வேலை எப்படி வரும்? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் முகமில்லாத படங்களைத் தனியாக எடுத்தாள். மருதாணி காயும் கைகள். துப்பட்டா நழுவிய பின்கழுத்து. கொலுசு மாட்டும் கால். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள். எல்லாம் கருப்பு வெள்ளையில். எங்கள் சமையலறையை இரவில் இருட்டாக்கி அவளே பிரிண்ட் போட்டாள். படமெடுத்த வீட்டில் தாயிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் சாம்பிளில் சேர்த்தாள்.

சீக்கிரத்தில் அதுவே அவளுடைய அடையாளமாகிவிட்டது. ஸ்டுடியோ வேலையை விட்டாள். பாஸ்போர்ட் படம் எடுப்பதில்லை என்று வாசலில் எழுதி வைத்தாள். என் கணவர் மண்டியில் வீணாகும் ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொண்டுவந்தார். எல்லா ஆல்பத்துக்கும் ஒரே பழுப்புத் தோல் அட்டை, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அழுத்திப் பதித்த ஒரே சின்ன முத்திரை. சாம்பிள் ஆல்பத்தில் இருபது படங்களுக்கு மேல் வைக்க மாட்டாள். தோழிகளின் கைகள் மட்டும் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த ஒரு குரூப் போட்டோவை எடுத்து வெளியே வைத்தாள்.

“இது நல்லாத்தானேடி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. இத பாத்தா எல்லாரும் இத மாதிரிதான் கேப்பாங்க.”

மற்ற ஸ்டுடியோக்களில் அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு, ரோலுக்கு இவ்வளவு என்பார்கள். இவள் ஒரு ஆல்பத்துக்கு, அவள் பேச்சில் புத்தகத்துக்கு, ஒரே விலை சொன்னாள். நாற்பது படம். எது என்பதை அவளே தேர்ந்தெடுப்பாள். எவ்வளவு நேரம் நிற்பாள், எத்தனை ரோல் ஓட்டுவாள் என்று கேட்கக்கூடாது. “என் நேரத்த விக்கலம்மா, என் பார்வைய விக்கிறேன்” என்றாள். அவளுடைய பழைய முதலாளி பஜாரில் என்னைப் பார்த்தபோது, “இன்னா டீச்சர், ஊரே கலருக்கு மாறிடுச்சு, உங்க பொண்ணு கருப்பு வெள்ளையில கையையும் காலையும் எடுத்துட்டு ஜாஸ்தி ரேட் கேக்குதாமே? தலைய எடுக்க தனி ரேட்டா?” என்று சிரித்தார். ஆனால் ஆட்கள் வந்தார்கள். அவள் சொன்ன விலையைக் கொடுக்கவும் செய்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை வந்த இருவரில் மூத்தவள் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்காரர் ஒருவர் வீட்டுப் பெண். தங்கையின் கல்யாணத்துக்குப் புத்தகம் பேச வந்திருந்தாள். இதற்கு முந்தைய வருஷம் இவள் தம்பி ஆம்பூரில் பெண் எடுத்தபோது, பெண் வீட்டு மருதாணியை எடுத்தவள் என் மகள்தான். அந்த மணப்பெண் என்னிடம் படித்தவள். கூட வந்த இளையவள் இவர்களுடைய பக்கத்து வீட்டு மருமகள். அவளுக்குப் பிறந்த வீடு வாணியம்பாடி.

நாலே காலுக்கு அந்த இளையவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். மருதாணிக் கைகள் இரண்டு மடியில் கிடக்கும் படம். மணிக்கட்டில் கங்கன் என்று அவர்கள் சொல்லும் கனத்த வளையல் ஜோடி. இரண்டு மயில்கள் எதிரெதிராகப் பார்க்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் எண்ணலாம்போல இருந்தது. ஒரு மயிலுக்கு மூக்கு இல்லை.

“அட, எங்கம்மா கங்கன்! மூக்கொடஞ்ச மயிலு! சின்னதுல நான்தான் கடிச்சு ஒடச்சேன்னு இன்னிக்கும் திட்டுவாங்க…”

சிரித்துக்கொண்டே சொன்னவள் பாதியில் நிறுத்தினாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

மூத்தவள் படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தக் கங்கனை அவள் தம்பி கல்யாணத்தில் தம்பி மனைவியின் கையில் பார்த்திருக்கிறாள். அது அந்தப் பெண்ணின் சொந்த நகை என்றுதான் அவர்கள் வீட்டில் பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டு லாக்கரில் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது.

“உங்கம்மாவுதா?” என்று மெதுவாகக் கேட்டாள். “அப்ப நம்ம வூட்டு மருமவளுக்குன்னு ஒண்ணும் இல்லியா?”

நகையை இரவல் வாங்கி மகளுக்குப் போட்டு அனுப்பி, முதல் தடவை தாய் வீட்டுக்கு வரும்போது கழற்றித் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் நடப்பதுதான். என் கல்யாணத்தில் என் கழுத்தில் கிடந்த செயின் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியுடையது. மாமியார்களுக்கும் பாதி தெரிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லாதவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அன்று எங்கள் கூடத்தில் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது.

மூத்தவள் கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டீயை முழுவதும் குடித்தாள். அட்வான்ஸ் கொடுத்தாள். பிறகு, “வூட்ல பெரியவங்க பாக்கணும்ல, இந்த ஆல்பத்த எடுத்துட்டுப் போய்ட்டு அனுப்பறேன்” என்றாள். சாம்பிளை வெளியே அனுப்புவதில்லை என்று மகள் சொன்னாள். “அப்பறம் எத பாத்து காசு குடுக்கறது? நேரத்துக்கும் இல்ல, ரோலுக்கும் இல்லன்றே.” மகள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். பதில் சொல்வதற்குள் அவள் ஆல்பத்தைப் புர்காவுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆல்பம் ஒரு வாரம் கழித்து ஆள் மூலமாக வந்தது. அந்தப் படத்தின் மேல் எண்ணெய் விரல் தடங்கள் நிறைய. அதற்கு அடுத்த நாள் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை, என் பழைய மாணவியை, அவள் கணவன் வீட்டார் ஆம்பூருக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். கங்கனோடு வந்தால் வரட்டும் என்று வாசலில் நின்றபடியே சொன்னார்களாம். கணவன் தோல் கொள்முதலுக்காக வெளியூர் சுற்றுகிறவன். ஊரில் இருந்திருந்தாலும் அக்கா பேச்சுக்கு எதிராக வாய் திறந்திருக்க மாட்டான்.

பெண்ணின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ கேட்டுத்தான் வெச்சே. நானும் சரின்னுதான் சொன்னேன்,” என்றாள் என் மகளிடம். “மூஞ்சி இல்லியே, யாருக்குத் தெரியப்போவுதுன்னேன். பொம்பளைங்க கண்ணு மூஞ்சியவா பாக்குது? எனக்குத்தான் புத்தி இல்ல.”

மகள் அவள் எதிரிலேயே அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். தாய் அதை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். படத்தைப் பிடித்திருந்த நான்கு காகித மூலைகளும் வெறும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை. எங்களுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள். மகள் ஓடி ஓடிப் பாய் விரித்தாள். தன் பாணி பிடித்து வருகிறார்கள் என்று முதல் நாள் முழுவதும் நம்பினாள். அவர்கள் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்க்கவில்லை. தொங்கட்டானையும் அட்டிகையையும் பார்த்தார்கள்.

“இது அந்த மளிகைக்கடைக்காரர் பொண்டாட்டியுது. இவ கழுத்துக்கு எப்டி வந்துச்சு?”

“ஐயே, கொலுச பாரு. வாடகைக் கொலுசு!”

“அந்தக் கங்கன் படம் எங்கம்மா? அதக் காட்டலியே?”

கேட்டது முஸ்லிம் பெண்கள் மட்டும் இல்லை. எங்கள் சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வெறும் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இங்கதான் இருந்துச்சா?” என்றாள். யாரும் புத்தகம் பேசவில்லை. என் மகள் ஆல்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாம்பிள் இல்லாமல் அவள் வேறு எதைக் காட்டி விலை சொல்வது? வந்தவர்கள் மறுபடியும், “அரை நாளுக்கு எவ்ளோ?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பேரணாம்பட்டுக் கல்யாணம் நெருங்கியது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். மகளுக்கும் அதுதான் எண்ணம். ஆனால் அந்தத் தாய் மறுபடியும் வந்தாள். கல்யாணத்துக்காகத் தன் மகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், மருமகள் இல்லாவிட்டால் கல்யாணக் கூட்டத்தில் கேள்வி வரும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், ஒழுங்காக நடந்துகொண்டால் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு இருக்கிறது என்றாள். “நீ வர்லன்னா அதுக்கும் அவளத்தான் சொல்வாங்க. வந்துடும்மா.”

போனோம்.

பெண்கள் இருந்த பெரிய அறையில் மேற்கு பார்த்த ஜன்னல். நான் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பழைய மாணவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றாள். வகுப்பில் ஆற்றுப் பெயர்களைச் சொல்லும் அதே குரல். உட்காரச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மதியத்துக்குப் பிறகு மூத்தவள் என் மகளை அழைத்தாள். “உங்க ஸ்டைல்ல ஒண்ணு வேணும். எங்கூட்டு மருமவளுங்க கை. எல்லார் கையும் வரிசையா.”

நான்கு மருமகள்களும் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். என் மாணவியை மூத்தவள் மூன்றாவதாக உட்காரவைத்தாள். மற்ற மூவரின் மணிக்கட்டிலும் தங்கம் முழங்கைவரை ஏறியிருந்தது. இவளுக்குக் கண்ணாடி வளையலாவது போடுங்கள் என்று ஒரு கிழவி சொன்னாள். “எதுக்கு? இருக்கறதுதான் இருக்கணும். இரவல் வாங்கியா போடறது?” என்றாள் மூத்தவள். அறையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

என் மகள் கேமராவைக் கீழே இறக்கினாள். “இது வேணாங்க,” என்றாள்.

“இன்னா வேணாம்? மூஞ்சி கேக்கலியே. கைதான? உங்க ஆல்பம் பூரா கைதான?”

மகள் கேமராவைத் தூக்கவில்லை. நேரம் போனது. எட்டு கைகளும் ஜமுக்காளத்தின் மேல் நீட்டியபடியே இருந்தன. என் மாணவி தலையைத் தூக்காமலேயே, “எடுத்துடுங்கக்கா. கால் மரத்துப்போவுது,” என்றாள்.

மகள் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். என் கையில் இருந்த பெட்ஷீட் இறங்கியிருந்தது. “அம்மா, தூக்கு,” என்று அவள் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு வெளிச்சம் சரியாக விழவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் மேற்கு ஜன்னல் அந்த நேரத்தில் தானாகவே எல்லாவற்றையும் செய்துவிட்டது.

நெகட்டிவைக் கழுவிக் காயவைத்த அன்று, கருப்பையும் வெளுப்பையும் மனசுக்குள் மாற்றிப்போட்டு அதைப் பார்த்தேன். அவள் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். எனக்கே அப்படித் தோன்றியது என்பதைத் தாங்க முடியாமல் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நகை போட்ட கைகள் ஆறும் இருட்டில் கனமாகக் கிடக்க, வெறும் கைகள் இரண்டில் மட்டும் வெளிச்சம் தங்கியிருந்தது. யார் பார்த்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

புத்தகத்தில் அவள் அதை வைக்கவில்லை. நாற்பது படம், தேர்வு அவளுடையது. அதுதான் பேச்சு.

மூத்தவள் புத்தகத்தை வாங்க வந்தாள். இந்தத் தடவை தனியாக. பக்கங்களை வேகமாகத் தள்ளினாள். கடைசிப் பக்கம்வரை போய் மூடினாள்.

“மருமவளுங்க கை எங்க?”

“அது சேரலிங்க.”

“சேரலியா, சேக்கலியா?”

“எந்தப் படம் வரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். முதல்லயே சொல்லியிருக்கேன்.”

“சொன்னே. நேரத்துக்கு காசில்ல, ரோலுக்கு காசில்ல, ஸ்டைலுக்குத்தான் காசுன்னே. நானும் அதுக்குத்தான் குடுத்தேன். அந்த ஒண்ணுதான் உன் ஸ்டைலு. மத்ததெல்லாம் யாரு வேணா எடுப்பாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் பேசறது தப்பா?” என்றாள்.

என் மகள் பல மாதங்களாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்டதை முழுவதும் புரிந்துகொண்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான்.

“படம் கெட்டுப்போச்சு,” என்றாள் மகள்.

“பொய் சொல்லாதம்மா. உனக்கு அது வராது.” எழுந்து புத்தகத்தை மேஜையில் விட்டாள். “இது உங்கிட்டயே இருக்கட்டும். அந்தப் படத்தோட சேத்து வாங்கிக்கிறேன்.” வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு இன்னும் எங்கூட்லதான் இருக்கா. நல்லாத்தான் வெச்சிருக்கோம்.”

அன்று முழுவதும் மகள் சாப்பிடவில்லை. நெகட்டிவை எரித்துவிடு என்றார் என் கணவர். எரித்தால் அந்தப் பெண்ணை அனுப்பிவிடுவார்களே என்றேன் நான். கொடுத்தால்? கொடுத்தால் அது அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்கள். நாங்கள் மூன்று பேரும் அதையே திரும்பத் திரும்பப் பேசினோம். நெகட்டிவ் ஒரு கண்ணாடிக் காகித உறையில், புத்தகத்தின் மேல், மேஜையிலேயே கிடந்தது. அதைத் தொடுவதற்கு எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் ஒரு நாள் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்ற நினைப்பு வேறு என்னைப் பிடுங்கியது. யார் வீட்டுப் பெண்ணுக்காக நான் பயப்படுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டு நான் வீட்டுக்குள் நுழையும்போது, பின்னாலேயே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பேரணாம்பட்டு பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். புர்காவின் முகத்துணியைத் தூக்கினாள். என் மாணவிதான். மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றாள். என் மகள் உள்ளேயிருந்து வந்து நின்றாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது.

“அக்கா, அந்தப் படத்த குடுத்துடுங்க,” என்றாள். “நானே வாங்கினு வந்தா வூட்லயே இருந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

அந்தப் பெண் மேஜையில் கிடந்த உறையைப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“கொஞ்சம் பெருசா போட்டு குடுங்கக்கா. ஹால்ல மாட்டப்போறாங்களாம்.”